ஒரு வாரம் கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்: நினைவூட்டும் முன் பார்க்க வேண்டியது

குன்னூரில் இருந்தும் கோத்தகிரியில் வீட்டிலிருந்தும் வேலை செய்யும் சிறிய குழு எங்களுடையது. தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் பச்சை இலைக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். அண்மையில் கோத்தகிரித் தம்பி ஒருவர் முக்கியமான திருத்தம் ஒன்றைப் புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பியிருந்தார். 20.4 கிலோ வீதம் மூன்று சாக்கு கொண்டுவரும் சிறு விவசாயிக்குப் பழைய கணக்கு ஒவ்வொரு சாக்கையும் 20 ஆக்கி, 60 கிலோ எனப் பதியும். மொத்தத்தைக் கூட்டிய பிறகு முழு எண்ணாக்கினால் 61 கிலோ. ஒரு கிலோவின் பணம் அவருக்குச் சேர வேண்டியது.

ரிவ்யூ செய்யும் மூத்தவர் ஒரு டெஸ்ட் சேர்க்கச் சொன்னார். தம்பி அன்றே சேர்த்து புஷ் செய்தார். அப்புறம் ஒரு வாரம் எந்தப் பதிலும் இல்லை.

மூத்தவர் அலட்சியப்படுத்தவில்லை. கிட்ஹப்பில் தமக்காகக் காத்திருப்பவற்றைப் பலரும் இப்படித்தான் தேடுவார்கள்:

```
is:open is:pr review-requested:@me
```

ஒருமுறை ரிவ்யூ எழுதி அனுப்பியதும் அந்தப் புல் ரிக்வெஸ்ட் இந்தப் பட்டியலிலிருந்து போய்விடும். புதிய கமிட் புஷ் செய்வதால் மட்டும் அது திரும்பி வராது. வலப்பக்கம் ரிவ்யூவர் பெயருக்கு அருகே இருக்கும் வட்ட அம்புக்குறியை அழுத்தி மறுபடி ரிவ்யூ கேட்க வேண்டும். தம்பி அதைச் செய்யவில்லை. வேலை தம்பியிடம்தான் நிற்கிறது என்று மூத்தவர் நினைத்திருந்தார்.

"எனி அப்டேட்?" என்று எழுதத்தான் தம்பி முதலில் இருந்தார். அதைப் படிப்பவர் என்ன மாறியது, எங்கே பார்ப்பது என்று தாமே தேட வேண்டியிருக்கும். அம்புக்குறியை அழுத்தச் சொல்லிவிட்டு, நானும் தம்பியும் சேர்ந்து எழுதியது இது:

> வணக்கம் அண்ணா. நீங்கள் கேட்ட டெஸ்ட்டைச் சேர்த்துவிட்டேன், எல்லாமே பாஸ் ஆகிறது. மறுபடி ரிவ்யூ கேட்க மறந்திருந்தேன், இப்போது கேட்டிருக்கிறேன். `weight.py` மட்டும் பார்த்தால் போதும், மற்ற கோப்புகளில் பெயர் மாற்றம்தான். வெள்ளிக்கிழமை மாதக் கணக்கு முடிக்கிறார்கள், வியாழனுக்குள் மெர்ஜ் ஆனால் நல்லது. இந்த வாரம் நேரம் இல்லையென்றால் சொல்லுங்கள், வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வரியை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். முடியாது என்று சொல்ல வழி கொடுத்தால்தான் வேலைப்பளு உள்ளவர் உடனே பதில் போடுவார். "அவசரம்" என்று மட்டும் எழுதாமல் மாதக் கணக்கைக் குறிப்பிட்டதும் அதற்காகத்தான், காரணம் தெரிந்தால் எதை முதலில் எடுப்பது என்று அவரே முடிவு செய்வார்.

அனுப்பும் முன் இன்னொன்று. மெயின் கிளையோடு கான்ஃப்ளிக்ட் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுக் கேளுங்கள். ரிவ்யூ தொடங்கிய பின் ரீபேஸ் செய்து ஃபோர்ஸ் புஷ் செய்தால், ஏற்கெனவே பார்த்தது எது, புதியது எது என்று பிரித்துப் பார்ப்பது அவருக்குச் சிரமம். மெயினை உங்கள் கிளைக்குள் மெர்ஜ் செய்வதே மேல்.

இரண்டு வேலை நாள் பார்த்தும் பதில் வராவிட்டால் அதே இடத்தில் மறுபடி எழுதாமல் போன் செய்துவிடலாம். ஆனால் அந்தக் கோப்புக்கு அவர் ஒருவரே கோட் ஓனராக இருந்து, அவருடைய ஒப்புதல் கட்டாயம் என்று கிளை பூட்டப்பட்டிருந்தால், வேறொருவர் அப்ரூவ் செய்தாலும் மெர்ஜ் ஆகாது. அப்போது குழுத் தலைவரிடம் சொல்லி இன்னொருவரையும் கோட் ஓனராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.