கிராஃபீம் கிளஸ்டர்: கணினிக்கு எழுத்து என்பது எது?

திரையில் ஒரே எழுத்தாகத் தெரியும் ஒன்றுக்காக, கணினி உள்ளே சேர்த்து வைத்திருக்கும் குறியெண்களின் கொத்துதான் கிராஃபீம் கிளஸ்டர். "கொ" நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடு அதை க என்ற குறியெண்ணாகவும் ஒகரக் குறியாகவும் இரண்டாக வைத்திருக்கிறது. தமிழில் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு செய்பவர் இந்தச் சொல்லை முதல் நாளிலேயே சந்திப்பார். "கொக்கு" என்ற மூன்றெழுத்துச் சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 6 என்று சொல்லும். கட்டங்களும் ஆறு வரும்.

எழுதுதல் என்ற பொருளுள்ள "கிராஃபேன்" என்ற கிரேக்க வினை கிராஃபீமின் வேர். ஃபோனீம் என்ற சொல்லைப் பார்த்து அதே ஈற்றோடு உருவாக்கியது இது. தமிழ் மொழியியலில் ஃபோனீமை ஒலியன் என்றும் மார்ஃபீமை உருபன் என்றும் சொல்கிறோம். அந்த வழியில் எழுத்தன், எழுத்தன் கொத்து என்று ஆக்கிவிடலாம். ஆனால் தமிழுக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. நம் இலக்கணத்தில் கொ, க், கு மூன்றும் எழுத்துகளே. ஆகவே "எழுத்து" என்பதே சரியான நிகர்ச்சொல். பல மொழிகளைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போது மட்டும் எழுத்துக்கொத்து எனலாம். கூடவே வரும் கோட் பாயின்ட்டைக் குறிப்புள்ளி என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. மெய்யின் தலையில் வைக்கும் புள்ளியும் அதே பத்தியில் வரும்போது குழப்பம்தான் மிஞ்சும். இங்கே குறியெண் என்றே எழுதுகிறோம்.

இந்தச் சிக்கல் வந்த வழி சுவையானது. தொல்காப்பியக் கணக்கில் மெய்தான் அடிப்படை. அதனோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது. க் + அ = க. இந்திய மொழிகளுக்கு வகுத்த இஸ்கி முறையின் அடுக்கை ஒட்டி யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது இது தலைகீழானது. அகரமேறிய க அடிப்படையாகி, புள்ளி தனிக் குறியாகி, க் இரண்டு குறியெண் ஆயிற்று. எழுத்துக்கு ஒரு குறியெண் தரும் டேஸ் 16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் சொற்பட்டியல்கள் யூனிகோடில் இருப்பதால் விளையாட்டுக்கு அது உதவாது.

யூனிகோடின் 29ஆம் பின்னிணைப்புதான் கிராஃபீம் கிளஸ்டர்களைப் பிரிக்கும் விதி. அதன் பழைய வடிவம் பக்கத்தில் ஒட்டும் குறிகளைச் சேர்க்காமல் விட்டதால் "நி" இரண்டாக உடைந்தது. 2008இல் வந்த விரித்த வடிவம் அதை ஒன்றாக்கியது. பின்னிணைப்பின் எடுத்துக்காட்டுகளில் நம்முடைய "நி"யும் உண்டு. இன்றைய உலாவிகளில் `Intl.Segmenter` இந்த விதிப்படியே பிரித்துத் தரும். தமிழுக்கு அது ஏறக்குறைய சரி. பிசகும் இடம் க்ஷ, ஸ்ரீ. "லக்ஷ்மி"யை அது ல, க், ஷ், மி என நான்காகப் பிரிக்கும். க்ஷ ஒரே எழுத்து என்று பள்ளியில் படித்தவருக்கு இது மூன்றெழுத்துச் சொல்.

விளையாட்டுக்கு இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. என்எஃப்சி முறையில் இயல்பாக்கிய பிறகு, தமிழில் ஒரு மெய்யுருவோடு ஒரு குறிக்கு மேல் சேராது. அதனால் ஒரே வரியில் அடங்கும் ரெஜெக்ஸ் தேடல் வடிவமே போதும்:

```js
const L = /\u0B95\u0BCD\u0BB7[\u0BBE-\u0BCD]?|[\u0BB6\u0BB8]\u0BCD\u0BB0\u0BC0|[\u0B83-\u0BB9][\u0BBE-\u0BCD]?/g;

function letters(w) {
  w = w.normalize("NFC");
  const a = w.match(L) || [];
  return a.join("") === w ? a : null;
}
```

முதல் பகுதி க்ஷ வரிசையையும், இரண்டாவது ஸ்ரீயையும், மூன்றாவது ஆய்தம் உட்பட மற்ற எல்லாவற்றையும் பிடிக்கும். `normalize` ஏன் வேண்டும்? ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பின்னதில் "கொக்கு" ஏழு குறியெண் ஆகும்; சரியான விடையைத் தட்டினாலும் தவறு என்றே வரும். கடைசி வரிச் சோதனையும் முக்கியம். பட்டியலில் க இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ௧ இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கி (`U+200C`) ஒளிந்திருந்தாலும், `null` வந்து அந்தச் சொல் வெளியே நிற்கும்.

இந்த வலையிலும் சிக்காதது ஔகாரப் பிழை. பௌர்ணமியை நிறையப் பேர் ப, கொம்பு, ள என்ற எழுத்து என்று தட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எண்ணிக்கையோ நான்கிலிருந்து ஐந்தாகிவிடும். இயல்பாக்குவதும் இதைத் திருத்தாது, ஏனென்றால் கணினிக்கு அது முறையான "பெ", "ள"தான். பட்டியலில் இந்த வடிவத்தைத் தேடினால் சந்தேகத்துக்குரியவை வெளியே வரும்:

```js
/[\u0B92\u0BC6]\u0BB3(?![\u0BBE-\u0BCD])/
```

குறி எதுவும் ஏறாத வெறும் ள மட்டுமே மாட்டும் என்பதால் தெளிவு, வெள்ளம், ஒளி போன்றவை தப்பும். கிடைத்ததைத் தானாக மாற்றிவிடாமல் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

எண்ணிக்கை சரியானபின், ஊகம் விடையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று கட்டங்களில் வண்ணம் காட்டும் வேலை. ஆங்கிலத்தில் 26 எழுத்து; இங்கே 247. கி என்று ஊகித்தவருக்குக் கு விடையாக இருக்கும்போது பொருந்தவே இல்லை என்று வெறும் சாம்பல் நிறம் காட்டுவது அநியாயம். ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் மெய், உயிர் என்று பிரித்து, அதே இடத்தில் மெய் மட்டும் பொருந்தினால் அதற்கெனத் தனிக் குறிப்புக் கொடுக்க வேண்டும். கடைசிக் குறியெண் புள்ளியானால் மெய் மட்டும், உயிர் இல்லை. உயிர்க்குறியானால் அதற்குரிய உயிர். குறியே இல்லாத மெய்யுருவானால் அகரத்தை நாமே சேர்க்க வேண்டும், அதற்கென்று குறியெண் கிடையாது. தனி உயிரானால் மெய்யிடம் காலி.

விடை "தங்கம்", ஊகம் "திங்கள்" என்று வைப்போம். இரண்டும் நான்கெழுத்து. தி, த இரண்டிலும் மெய் த், பாதிப் பொருத்தம். ங், க முழுப் பொருத்தம். கடைசியில் ள், ம். மெய் வேறு, உயிர் இரண்டிலும் இல்லை. உயிர் ஒப்பீட்டையும் காட்டும் விளையாட்டில் இந்த இடத்தில்தான் வழு நுழையும்: காலியும் காலியும் சமம் என்று நிரல் முடிவுகட்டி, உயிர் பொருந்தியதாக வண்ணம் பூசிவிடும். இரு பக்கமும் காலியாக இல்லாதபோது மட்டும் ஒப்பிடுங்கள்.

உள்ளீட்டுப் பெட்டியில் `maxlength="4"` என்று போட்டால் தங்கம் "தங்க" என்று நின்றுவிடும். அந்த அளவும் எழுத்தை எண்ணுவதில்லை. வரம்பை `letters()` தரும் பட்டியலின் நீளத்தை வைத்தே பாருங்கள். தமிழ் 99 விசைப்பலகையில் கொ என்பதற்குக் க, பிறகு ஒ என்று இரண்டு விசை. க விழுந்தவுடன் அடுத்த கட்டத்துக்குத் தாவினால் ஒகரம் தனியாகப் போய் நிற்கும். அடுத்த மெய்யோ முடிவு விசையோ வரும்வரை கட்டத்தைத் திறந்தே வையுங்கள்.