மலைவாழையில் உள்ள டிரிப்டோபான் மூளைக்குப் போகிறதா?

சிவதாபுரம் பக்கத்தில் வீட்டிலேயே கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்யும் ஒரு பெண்மணி, மனச்சோர்வுக்காக என்னிடம் எட்டு மாதமாக மாத்திரை எடுத்துவந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நன்றாகத் தேறியிருந்தவர், இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டு, பழையபடி உறக்கமும் பசியும் இன்றி வந்து அமர்ந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இரவும் ஏற்காட்டு மலைவாழைப்பழம் இரண்டும் ஒரு டம்ளர் பாலும் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். "அதுல டிரிப்டோபான் இருக்குது, அதுதான் செரடோனினா மாறுதுன்னு போன்ல சொன்னாங்க டாக்டரம்மா" என்றார்.

அவர் கேள்விப்பட்டதில் பொய் இல்லை. டிரிப்டோபான் நம் உடலால் உண்டாக்க முடியாத, உணவிலிருந்தே பெறவேண்டிய ஓர் அமினோ அமிலம். டிரிப்டோபான் ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி அதை முதலில் 5-ஹைட்ராக்சி டிரிப்டோபானாக மாற்றுகிறது. அடுத்து, வைட்டமின் பி6-இன் துணையோடு வேறொரு நொதி அதை, மனநிலையில் பங்குள்ள செரடோனின் என்னும் வேதிப்பொருளாக்குகிறது. ஆனால் உண்ணும் டிரிப்டோபானில் புரதம் கட்டப் பயன்பட்டதுபோக எஞ்சுவதில் மிகப் பெரும்பகுதி, கல்லீரல் வழியாகக் கைனுரெனின் என்னும் வேறு பாதையில் போய்விடுகிறது. செரடோனினாக மாறும் சிறு பங்கிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில் உருவாவது. குடலில் உருவான செரடோனினும், வாழைப்பழத்திலேயே இருக்கும் செரடோனினும், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டாக வேண்டும். அதற்கு டிரிப்டோபானே உள்ளே நுழைய வேண்டும்.

சிக்கல் அந்த வாசலில்தான் இருக்கிறது. டிரிப்டோபானை உள்ளே கொண்டுபோகும் கடத்தி, லியூசின், ஐசோலியூசின், வேலின், டைரோசின், பினைல் அலனின் ஆகியவற்றையும் ஏற்றிச் செல்கிறது. 200 மில்லி பாலில் டிரிப்டோபான் சுமார் 85 மில்லிகிராம் என்றால், இந்தப் போட்டியாளர்கள் ஐவரும் சேர்ந்து சுமார் 2,000 மில்லிகிராம் இருக்கிறார்கள். ஆகவே டம்ளர்களைக் கூட்டினாலும் வாசலில் டிரிப்டோபானின் பங்கு கூடுவதில்லை. மலைவாழை இரண்டும் சேர்ந்து தருவது ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான். சோறு, பருப்பு, தயிர், முட்டை என்று நாள்தோறும் 50 கிராம் புரதம் உண்பவருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறையாமல் டிரிப்டோபான் கிடைத்துவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவரின் தேவையோ 300 மில்லிகிராமுக்குள்தான்.

விந்தை என்னவென்றால், அந்தப் பங்கை உயர்த்துவது டிரிப்டோபான் நிறைந்த உணவன்று, புரதமே இல்லாத மாவுச்சத்து. நம் சேலத்து ஜவ்வரிசியே நல்ல எடுத்துக்காட்டு. வெறும் வயிற்றில் தண்ணீரில் காய்ச்சிய ஜவ்வரிசிக் கஞ்சியைச் சர்க்கரையோடு குடித்தால் இன்சுலின் சுரந்து, போட்டியாளர்களைத் தசைகளுக்குள் தள்ளிவிடும். ஆல்புமின் என்னும் இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் டிரிப்டோபான் இரத்தத்தில் தங்கிவிடும். அதே ஜவ்வரிசியைப் பால் பாயசமாக்கினால் பாலின் புரதமே இந்த விளைவைக் கெடுத்துவிடும். கஞ்சியால் சற்று அதிகமாக டிரிப்டோபான் நுழைந்தாலும் மனநிலை அதன்படி உயர்ந்துவிடுவதில்லை. செரடோனின் கூடும்போது, அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் தம்மேல் உள்ள ஏற்பிகளால் அதை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மிகுதியை மோனோ அமைன் ஆக்சிடேஸ் நொதி சிதைத்துவிடுகிறது. அவர் நிறுத்திய மாத்திரை செரடோனினைக் கூடுதலாக உற்பத்தி செய்வதில்லை. வெளியான செரடோனினை நரம்பணு மீண்டும் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. பலன் தெரியவே வாரங்கள் ஆகும். அந்த வேலையை எந்த உணவும் செய்வதில்லை.

"அப்போ தூக்கத்துக்காவது ஆகுமா?" என்று கேட்டார். மூளையிலுள்ள பினியல் சுரப்பியில் செரடோனின் இன்னும் இரண்டு படிகளில், உறக்கத்துக்கு உதவும் மெலடோனினாக மாறுவது உண்மை. ஆனால் முதற்படிக்கான நொதி இருட்டிய பிறகே முழுவேகம் பெறுகிறது. இரவில் கண்ணில் விழும் பளிச்சென்ற வெளிச்சம் அதை அடக்கிவிடும். இவரோ இரவு பதினொரு மணிவரை முகத்துக்கு நேரே வெள்ளை விளக்கை எரியவிட்டுக் கொலுசுக் கண்ணிகளை இணைத்துக்கொண்டிருந்தார்.

5-ஹைட்ராக்சி டிரிப்டோபான் அடைத்த கேப்சூல் விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்றும் விசாரித்தார். அது டிரிப்டோபான் ஹைட்ராக்சிலேஸ் நொதியின் கட்டுப்பாட்டைத் தாண்டிச் செல்வது. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தான நிலைவரை கொண்டுபோகலாம் என்பதால் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். பற்றவைக்கும் வேலையை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆறாவது வாரம் வந்தபோது ஓரளவு உறங்குவதாகவும் வீட்டில் சமைக்கத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னார். பாலையும் பழத்தையும் விடவில்லை. விடச் சொல்லவும் எனக்குக் காரணம் இல்லை.