கடி ஜோக்கின் வெற்றி முனகலில்

"பூக்கடைக்காரர் ஏன் காலையில் கடை திறக்கவில்லை?"

"அவர்கிட்ட இருந்தது மாலைதானே!"

கேட்டவர் நெற்றியில் கை வைத்து "ஐயோ, கடிக்காதீங்கப்பா" என்கிறார். ஜோக் தோற்றதுபோல் தெரிந்தாலும், சொன்னவர் எதிர்பார்த்தது அந்த முனகலைத்தான்.

இரண்டு பொருள் கொண்ட ஒரு சொல் காதில் விழுந்ததும் மனம் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதில்லை. டேவிட் ஸ்வின்னி 1979இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வாக்கியம் ஒரு பொருளைத் தெளிவாகச் சுட்டினாலும், சொல்லைக் கேட்ட கணத்தில் இரண்டு பொருளும் மனத்தில் எழுகின்றன. மூன்று அசைகள் கடந்து பார்த்தபோது பொருந்திய பொருள் மட்டுமே மிஞ்சியிருந்தது. நாம் உணரும் முன்பே மற்றது அடங்கிவிடுகிறது.

கடி ஜோக் அந்த இரண்டாவது பொருளை அடங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. மேலே உள்ள கேள்வியில் "பூக்கடை" என்ற சொல் தொடுத்த மாலையையும், "காலையில்" என்ற சொல் பொழுதையும் முன்கூட்டியே தயாராக்கிவிடுகின்றன. பதிலில் "மாலை" வந்ததும் இரண்டும் சம பலத்தோடு மோதுகின்றன. இந்தக் கேள்வியிலிருந்து "காலையில்" என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். ஜோக் உடனே செத்துவிடும்.

பதிலை அமைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "அவர்கிட்ட மாலை மட்டும்தான் இருந்துச்சு" என்றாலும் பொருள் மாறாது. ஆனால் முக்கியமான சொல்லுக்குப் பின்னால் ஆறேழு அசைகள் இழுபடுவதால் மோதலின் சூடு தணிந்துவிடுகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தப் பிழை எளிதாக நேரும். "இருந்தது மாலைதானே" என்று திருப்பிப் போட்டால் சொல் முடிவுக்கு நெருங்கி வரும்.

வேற்றுமை உருபு இன்னொரு கண்ணி. "மாலையில்தான்" என்று சொன்னால் பொழுது மட்டும் நிற்கும், பூமாலை விலகிவிடும். "ஆறு" என்ற சொல்லில் இது இன்னும் தெளிவு. உருபு சேர்ந்ததும் நதி "ஆற்றில்" ஆகிறது, எண் "ஆறில்" என்றே நிற்கிறது. அதனால் நதியையும் எண்ணையும் மோதவிட வேண்டுமென்றால் உருபு இல்லாத "ஆறு" என்ற வடிவமே உதவும். பல்லி, பள்ளி போன்ற இணைகள் பேச்சில் ஓரளவு ஓடும். எழுதும்போது ஏதாவது ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், குட்டு அங்கேயே உடைந்துவிடும்.

சரி, சிரிக்காமல் ஏன் முனகுகிறோம்? பொருளை நம்பி நிற்கும் நல்ல நகைச்சுவையில், முடிவைக் கேட்டதும் முன்பு சொன்னதெல்லாம் வேறு கோணத்தில் அர்த்தப்படும். கடி ஜோக்கில் முடிச்சு ஒலியில் மட்டும் அவிழ்கிறது. மாலை விற்பதற்கும் காலையில் கடை திறக்காததற்கும் உண்மையில் ஒரு தொடர்பும் இல்லை. வினோத் கோயலும் ரேமண்ட் டோலனும் 2001இல் மூளைப் படங்களை ஒப்பிட்டபோது, ஒலியை நம்பும் ஜோக்குகளும் பொருளை நம்பும் ஜோக்குகளும் வெவ்வேறு பகுதிகளைத் தூண்டுவதைக் கண்டார்கள். வேடிக்கையாக உணரும் நிலையில் இரண்டுக்கும் பொதுவான ஒரு பகுதி, மூளையின் முன்பக்க நடுவில், இயங்கியது.

ஆகவே முனகலுக்குள் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன: "புரிந்துவிட்டது", "இதற்கா இவ்வளவு எதிர்பார்த்தேன்?" முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது. புரியாதவர் முனகமாட்டார், "அப்படின்னா?" என்று கேட்பார். ஆங்கிலத்தில் "அப்பா ஜோக்" எனப்படும் இந்த வகை ஜோக்குகளை ஆராய்ந்த மார்க் ஹை-நுட்சன், வேடிக்கையாக இருக்க வேண்டும் என்ற ஜோக்கின் விதியையே இவை மீறுவதாகவும், அந்த மீறலால் கேட்பவரைச் சீண்டுவதாகவும் விளக்குகிறார். அப்பாக்கள் பிள்ளைகளை விளையாட்டாகச் சீண்டும் பழக்கத்தோடு அவர் இதை இணைக்கிறார். ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு சொல்லின் இரட்டைப் பொருளே புதுக் கண்டுபிடிப்பு, அதனால் வாய்விட்டுச் சிரிக்கும். பதினான்கு வயதில் அந்த வியப்பு தீர்ந்திருக்கும், அப்போது மிஞ்சுவது சீண்டல்தான்.

சீண்டல் பலிக்க, சொல்பவர் முகத்தில் சிரிப்பு இருக்கக்கூடாது. கேள்வியை உண்மையான சந்தேகம்போலக் கேட்டால்தான் எதிர்பார்ப்பு உயரும், உயர்ந்தால்தான் ஏமாற்றம் சுவைக்கும். "ஒரு ஜோக் சொல்றேன்" என்று தொடங்குவது பாதியைக் கெடுத்துவிடும். சொன்ன பிறகு விளக்குவது மீதியையும் கெடுத்துவிடும்.

பலித்ததா என்பதை முனகும் முகத்தில் பார்க்கலாம். "ஐயோ" என்று இழுக்கும்போது உதட்டோரம் மேலே போனாலோ, கேட்டவர் அதே ஜோக்கை அடுத்தவரிடம் சொன்னாலோ, ஜோக் வேலை செய்திருக்கிறது. முகம் அசையாமல் பேச்சை மாற்றினால் நெருக்கம் போதவில்லை, அல்லது நேரம் சரியில்லை. அந்த இடத்தில் இரண்டாவது ஜோக்கை எடுத்துவிடக்கூடாது.