பாதிக் காசு கொடுத்துக் கடனை முடிக்கிறீர்களா? எழுத்து முதலில், காசு பிறகு

சரியான எழுத்து வாங்காமல் காசு கொடுத்துவிட்டு என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். சுன்னாகத்தில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஐயா, ஒரு கோரிக்கைக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். பதினாறு இலட்சம் கேட்டிருந்தது.

"பிள்ளை, நல்லூர்க் கொடியேறின கிழமைதான் ரெண்டு லட்சம் குடுத்து எல்லாத்தையும் முடிச்சனான். ரெண்டு பேர் சாட்சிக்கு நிண்டவை."

"எழுதி வாங்கினீங்களோ?"

"துண்டு ஒண்டு தந்தவர்."

அந்தத் துண்டில் இருந்தது ஒரே வரி: "கடன் சம்பந்தமாக ரூபா இரண்டு இலட்சம் பெற்றுக்கொண்டேன்." முடிந்தது என்ற சொல் எங்கேயும் இல்லை.

கதை இதுதான். 2010 இல் ஆறு இலட்சத்துக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. 2013 நவம்பர் வரை மூன்றரை இலட்சம் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறார். கடன் கொடுத்தவரோ அதெல்லாம் வட்டிக்கே சரி என்கிறார். கொடுத்தவர் இப்போது கனடாவில். இங்கே வந்து கேட்பது அவருடைய மைத்துனர்.

எங்கள் காலவிதிப்புச் சட்டப்படி புரோநோட்டின் மேல் வழக்குப் போட ஆறு வருடம். கடைசிக் கொடுப்பனவிலிருந்து எண்ணினால் 2019 நவம்பரோடு அது கடந்துவிட்டது. அந்த நிலையில் வழக்கு வந்திருந்தால் காலம் கடந்தது என்ற எதிர்வாதம் அவர் கையில் இருந்திருக்கும். 2023 ஓகஸ்டில் அந்த இரண்டு இலட்சத்தைக் கொடுத்து அவரே அதைப் பலவீனமாக்கிவிட்டார்.

எத்தனை தரம் சொன்னாலும் ஏறாத இடம் இதுதான். "கொஞ்சம் கட்டி வைச்சா ஆள் அமைதியாவார்" என்று நினைக்கிறீர்கள். பழைய கடனை வாயால் "தாறன்" என்று சொன்னால் அது கால எல்லையைப் புதுப்பிக்காது, ஒப்பமிட்ட எழுத்து வேண்டும். காசு கொடுத்தால் நிலைமை வேறு. பகுதிக் கொடுப்பனவை, மீதியையும் தருவேன் என்ற புதிய வாக்குறுதியாக நீதிமன்றம் பார்க்க அது வழிவிடும். நீங்கள் 'முடிக்க' கொடுத்த காசு, முடிக்கத்தான் கொடுத்தது என்று காட்ட எழுத்து இல்லாவிட்டால், கடனை மறுபடி எழுப்பிவிடும். சாட்சிக்கு நின்ற இருவரில் ஒருவர் இப்போது கொழும்பில், மற்றவர் "எனக்கு வடிவா ஞாபகமில்லை" என்கிறார்.

இன்னொன்றையும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இப்படியான தனியார் கடனில், வட்டியாக நீதிமன்றம் மூலம் அறவிடக்கூடியது முதல் தொகையை மிஞ்ச முடியாது. ஆறு இலட்சத்துக்கு எத்தனை வருடம் ஓடினாலும் ஆறு இலட்சம்தான் வட்டி. பதினாறு இலட்சம் என்று கண்டவுடன் பயந்து பேரம் பேச வேண்டியதில்லை.

நாங்கள் செய்தது இது. "உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பினோம். கடனை ஏற்கவில்லை, பிணக்கை முடிப்பதற்காக மட்டும் இரண்டே முக்கால் இலட்சம் ஒரே தடவையில், 21 நாள் வரை இந்த முன்மொழிவு திறந்திருக்கும் என்று எழுதினோம். அந்தத் தலைப்பு அழகுக்கு இல்லை. பேரம் முறிந்தால், அந்தக் கடிதத்தையே "பார், கடனை ஒத்துக்கொண்டார்" என்று நீட்டாமல் இருக்கத்தான்.

ஒத்துக்கொண்டார்கள். பிறகுதான் நான் பிடிவாதமாக நின்றேன். மைத்துனர் ஒப்பமிட்டால் போதாது. கனடாவிலிருந்து அற்றோணித் தத்துவம் வரவேண்டும், அதில் கடனைக் குறைத்து இணங்கவும் விடுவிக்கவும் அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "காணி பார்க்கிற தத்துவம் இருக்குத்தானே" என்றார் மைத்துனர். அது இதற்குச் செல்லாது. வந்து சேர ஆறு கிழமை எடுத்தது. ஐயா பதறினார், நான் காசை விடவில்லை.

விடுவிப்பில் உயிரான வரி இது: "மேற்படி புரோநோட்டிலிருந்தும் அதன் வட்டியிலிருந்தும் எழும் சகல கோரிக்கைகளுக்கும் முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக இத்தொகையைப் பெற்று, மீதி எதுவாயினும் அதைக் கைவிட்டு, கடனாளியை விடுவிக்கிறேன்." புரோநோட்டின் திகதியும் தொகையும் அதிலேயே இருக்க வேண்டும். முன்பு கொடுத்த இரண்டு இலட்சமும் இந்தத் தீர்வுக்குள் அடக்கம் என்றும் எழுதினோம். ஒப்பமிட்ட அதே மேசையில் வங்கி வரைவு ஒரு பக்கம் போனது, மூலப் புரோநோட்டு மறுபக்கம் வந்தது. நகலை வாங்கிக்கொண்டு வராதீர்கள்! மூலம் வெளியில் இருந்தால் வேறொருவர் கைக்குப் போய்த் திரும்ப வரலாம்.

காணி ஈடு வைத்த கடன் என்றால் இந்தத் தாள் போதாது. நொத்தாரிசு முன் ஈடு நீக்க உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஏற்கெனவே தீர்ப்பான வழக்கு என்றால், வெளியில் கொடுத்த காசை நீதிமன்றத்தில் சான்றுப்படுத்தச் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீதிமன்றம் அதைக் கணக்கெடுக்காது, தீர்ப்பை நிறைவேற்ற ஆள் வருவார்.

தயவுசெய்து, காசை மடியில் கட்டிக்கொண்டு போவதற்கு முன் அந்தத் துண்டில் என்ன எழுதப்போகிறார்கள் என்று முதல் நாளே வாங்கிப் பாருங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.