மண் கலவைக்குக் கிலோ கணக்கு வேண்டாம், பக்கெட் கணக்கு போடுங்கள்

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்த்தூளான கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. மாடித்தோட்டம் போடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பங்கைக் கிலோவில் எடுப்பதா, பக்கெட்டில் எடுப்பதா என்று கேட்டால் பலர் தயங்குகிறார்கள். தோட்டம் அமைத்துக் கொடுக்கும் வேலையில் நான் பார்க்கிற வாடிய செடிகளில் நிறைய, பூச்சியாலோ நோயாலோ வாடியவை அல்ல. இந்த ஒரு தயக்கத்தில் பிழையாகக் கலந்த பைகளில் நிற்பவை.

தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் தராசு வைத்து மூன்றையும் பத்துப் பத்து கிலோ எடுத்துக் கலந்திருந்தார்கள். அளவு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பத்து கிலோ செம்மண் ஏறக்குறைய எட்டு லிட்டர் இடம்தான் பிடிக்கும். பத்து கிலோ மண்புழு உரம் பதினைந்து லிட்டர் வரும். கோகோபீட்டோ காய்ந்து அழுத்தப்பட்ட கட்டி. ஐந்து கிலோ கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் 65 முதல் 75 லிட்டர் வரை உப்பும். இரண்டு கட்டி போட்டால் 140 லிட்டர். ஆக, பையில் இருந்ததில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் வெறும் நார்த்தூள்.

அந்தத் தக்காளி நாற்றுகள் நட்ட மூன்றாவது வாரத்தில் கீழ் இலையிலிருந்து வெளுக்க ஆரம்பித்தன. காற்றடித்தால் பை சாய்ந்தது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது தழைச்சத்துப் பஞ்சம். மக்காத தென்னை நார்த்தூளில் கரிமமும் தழைச்சத்தும் நூறுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டி இருக்கும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைப் பக்கத்தில் இருக்கும் உரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிச்சம் வராது. பையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அதே அளவு செம்மண்ணும் அதே அளவு உரமும் புதிதாகச் சேர்த்து மறுபடி நட்டோம். அதற்குப் பிறகு வந்த இலைகள் பச்சையாக வந்தன.

சரி, எவ்வளவு வாங்குவது? 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள வட்டப் பை பத்து என்று வைத்துக்கொள்வோம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்குப் பலரும் வாங்குவது இதுதான். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் ஒரு பைக்குப் பதினெட்டு லிட்டர் ஆகும். பத்துப் பைக்கு 180. கலக்கும்போது உரம் மண்ணின் இடுக்குகளில் புகுந்து மொத்த அளவு கொஞ்சம் குறையும் என்பதால் 200 லிட்டருக்குத் திட்டமிடுங்கள். அப்படியென்றால் ஐந்து கிலோ கோகோபீட் கட்டி ஒன்றே ஒன்று போதும். அதை ஊற வைத்த பின் எத்தனை பக்கெட் வருகிறதோ, அத்தனை பக்கெட் செம்மண், அத்தனை பக்கெட் உரம். செம்மண் எடையில் எண்பது கிலோவைத் தாண்டும், உரம் நாற்பத்தைந்து கிலோ வரும். மாடிக்குத் தூக்கிக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

கோகோபீட்டை ஊற வைத்தவுடன் மண்ணில் கொட்டுவது அடுத்த தவறு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் அதிகம். இந்த உப்பு போகாவிட்டால் இலை ஓரம் கருகும். தக்காளிக்குச் சுண்ணாம்புச் சத்து சரியாகக் கிடைக்காமல் காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கும். கழுவியது என்று போட்டு விற்கும் கட்டியையும் நான் ஒருமுறை கழுவிவிடுகிறேன். ஊறிய தூளைக் கோணிப்பையில் கட்டி, தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். வடியும் தண்ணீரின் பழுப்பு நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நிறமும் உப்பும் வேறு வேறு. வீட்டில் குடிநீர் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் ஊற்றுகிற தண்ணீரையும் வடிகிற தண்ணீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருநூறு முந்நூறுக்குள் வந்துவிட்டால் நிறுத்தலாம். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரே ஆயிரத்தைத் தாண்டுவதால், வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் சரி. கடைசிக் கழுவலுக்காவது மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ கிடைத்தால் நல்லது.

மண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செம்மண் என்று லாரியில் வருவதெல்லாம் விளைநிலத்தின் மேல்மண் அல்ல. அடித்தளம் தோண்டிய மண்ணும் சிவப்பாகத்தான் இருக்கும். கைப்பிடி மண்ணை ஈரமாக்கி விரல்களுக்கு நடுவில் திரியாக உருட்டிப் பாருங்கள். சிறிது நீண்டதும் உடைந்துவிட்டால் காய்கறிக்கு ஏற்ற மண். பென்சில் போல நீளமாக வந்து, வளைத்தாலும் உடையாமல் இருந்தால் களி அதிகம். அந்த மண்ணை ஒரு பங்கு போட்டால் பைக்குள் சேறு கட்டும். அரைப் பங்கு மண், அரைப் பங்கு கழுவிய மணல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மதுரை, விருதுநகர், தூத்துக்குடி பக்கம் கரிசல் மண் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். நிலத்தில் அது நல்ல மண்தான், ஆனால் பைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

உரத்தில் பார்க்க வேண்டியது அது முழுக்க மக்கியதா என்பது மட்டும்தான். ஒரு கைப்பிடியை ஈரமாக்கி பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண்வாசனை வந்தால் பயன்படுத்தலாம். புளித்த வாடையோ மூக்கைத் துளைக்கும் நெடியோ வந்தால் இன்னும் சில வாரம் நிழலில் கிடக்கட்டும். பாதி மக்கிய சாணம் பையில் சூடேறும், வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவையும் கூடவே கொண்டுவரும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்ப்பது இதற்காகத்தான்.

கலந்ததை ஈரமாக்கி நிழலில் ஒரு வாரம், பத்து நாள் வைத்த பிறகு நடுங்கள். சரியான பதமா என்று அறிய ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். இறுக்கும்போது தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம். அப்புறம் நிரப்பிய பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் அடித்துளை வழியே வடிய ஆரம்பிக்க வேண்டும். மேலேயே குளம் கட்டி நின்றால் களிமண் அதிகம். ஊற்றிய வேகத்திலேயே முழுதும் ஓடிவிட்டால் கோகோபீட் நன்றாக ஊறாமல் காய்ந்து கிடக்கிறது என்று பொருள்.

ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்பதும் கல்லில் வெட்டிய கணக்கல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி நிற்கப்போகும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் கோகோபீட்டை அரைப் பங்காகக் குறைத்து, அந்த இடத்தில் மண்ணைக் கூட்டுவேன். நார்த்தூள் மேலே காய்ந்த மாதிரித் தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். அதை நம்பித் தண்ணீர் ஊற்றித்தான் வேர் அழுகுகிறது. இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்தபின் ஊற்றுங்கள். முள்ளங்கி, கேரட்டுக்கு மாறாக மண்ணைக் குறைக்கலாம், கிழங்கு நேராக இறங்கும்.

அறுவடை முடிந்ததும் கலவை மூன்று நான்கு அங்குலம் இறங்கியிருக்கும். உடனே இன்னொரு கோகோபீட் கட்டி வாங்குகிறார்கள். கரைந்து போனது அது அல்ல. நார்த்தூளில் லிக்னின் அதிகம், அது மெதுவாகத்தான் மக்கும். கரைந்தது உரம். எனவே பழைய கலவையைக் கொட்டி, வேர்களைப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, நான்கு பக்கெட்டுக்கு ஒரு பக்கெட் உரம் மட்டும் சேர்த்துத் திரும்ப நிரப்புங்கள். கோகோபீட்டை மூன்றாவது பட்டத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்.