காளான் கொட்டகை எந்த ஊரில்? மானியம் அங்கேதான் முடிவாகிறது

காளான், தேனீ வளர்ப்பு போன்ற சின்ன தொழில்களுக்குப் பலரும் போகும் திட்டம் பி.எம்.இ.ஜி.பி. எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். 18 வயது முடிந்தால் போதும், வருமான வரம்பு இல்லை. இதுவரை அரசு மானியம் வாங்காத, புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் தருவார்கள். கொட்டகையை முதலில் போட்டுவிட்டு "இதற்கு மானியம் கொடுங்கள்" என்று போனால் கதவு மூடிவிடும்.

சென்னையைச் சுற்றி நிறையப் பேர் ஏமாறுவது இடத்தில். மானியத்தின் அளவு உங்கள் சொந்த ஊரைப் பொறுத்ததல்ல, தொழில் நடக்கும் இடத்தைப் பொறுத்தது. மணலியில் குடியிருக்கும் ஒரு பெண் 2 லட்சம் ரூபாய்க்குத் திட்டம் போடுகிறார் என்று வையுங்கள். பெண் என்பதால் சிறப்புப் பிரிவு, கையிலிருந்து 5 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் போட்டால் போதும். மொட்டை மாடியில் போட்டால் நகர்ப்புறக் கணக்கு, 25 சதவீதம், 50,000 ரூபாய் மானியம். மணலி 2011-லேயே மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. அதே கொட்டகை மீஞ்சூர் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் இருந்தால் 35 சதவீதம், 70,000 ரூபாய்.

அப்படி ஊராட்சியில் போடுவதென்றால் kviconline.gov.in விண்ணப்பத்தில் திருவள்ளூர் மாவட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வங்கியும் அந்த ஊருக்குப் பக்கத்துக் கிளையாக இருக்கட்டும். கணக்கு இருக்கிறதே என்று மணலிக் கிளையைக் குறித்தால், "எங்கள் எல்லை இல்லை" என்று மாதக்கணக்கில் அலையவிடுவார்கள். 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பல மேலாளர்கள் அந்த இடத்திலேயே சுருதி மாற்றுவார்கள்.

மானியப் பணம் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக நிற்கும். அதற்கு வட்டி தரமாட்டார்கள். அதே அளவு கடனுக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. நம் கணக்கில் கடன் 1,90,000, மானியம் 70,000, ஆகவே வட்டி ஓட வேண்டியது 1,20,000-க்கு மட்டும். முழுத் தொகைக்கும் வட்டி பிடிக்கிறார்களா என்று கடன் கணக்கு விவரத்தை வாங்கிப் பாருங்கள்.

இடையில் திட்டத்தின் சார்பில் நேரில் வந்து பார்ப்பார்கள். தொழில் நின்றிருந்தால் மானியம் கைவிட்டுப் போகலாம். தரகர் எழுதித் தரும் திட்ட அறிக்கை கவிழ்வது இங்கேதான். பன்னிரண்டு மாதமும் சிப்பிக் காளான் விளையும் என்று ஒரே அளவு வருமானம் போட்டிருப்பார். சிப்பிக்கு 25 டிகிரியை ஒட்டிய குளுமை வேண்டும். மே மாத மீஞ்சூரில் மொட்டு வந்தவுடன் காய்ந்து சுருங்கும். கோடைக்குப் பால் காளான் என்று அறிக்கையிலேயே பிரித்து எழுதுங்கள், அது 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும். ஆனால் அதற்கு மேல்மண் இட வேண்டும், முதல் அறுவடைக்குச் சிப்பியைவிடக் கூடுதல் நாள் ஆகும். ஆகவே கடனின் முதல் தவணையைக் கோடையில் தொடங்கும்படி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. "சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் ஆதார் நகலைக்கூடக் கொடுக்க வேண்டாம்.