கேஸ் தீர்ந்ததா, கசிந்ததா? ஒரு பிரிட்ஜ் முறையீடு ஆங்கிலத்துக்குப் போகும்போது

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையீட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். எங்கள் ஊரில் வக்கீல் வைக்காமல் நேரில் வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் தயாரிப்பு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வெளி மாநிலத்தில் இருக்கும். அவர்கள் பதிலுரை ஆங்கிலத்தில் வரும். மேல்முறையீடு தேசிய ஆணையம் வரை போனால் எல்லாக் காகிதத்துக்கும் ஆங்கிலப் பிரதி வேண்டும். அப்போது எதிர்தரப்பு வக்கீல் படிப்பது நீங்கள் எழுதிய தமிழை அல்ல, அதன் பெயர்ப்பை. முறையீடு எழுதுவதும் பெயர்ப்பதும் என் அன்றாட வேலை. தமிழில் சொல்லாமல் விட்டதுதான் ஆங்கிலத்தில் வழக்கைக் கெடுக்கிறது என்பதை ஒரு பிரிட்ஜ் வழக்கை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

10.05.2023 அன்று ரூ.31,500 கொடுத்து வாங்கிய பிரிட்ஜ். ஒரு வருட வாரண்டி. 2025 ஜூன் மாதம் அதை வாங்கிய அம்மா எழுதிக் கொண்டுவந்த முறையீட்டின் முக்கியப் பகுதி இது:

“பிரிட்ஜ் வாங்கியதிலிருந்தே பழுது. மூன்று முறை வந்து பார்த்து, கேஸ் தீர்ந்துவிட்டது என்று கேஸ் அடித்துவிட்டுப் போனார்கள். மாற்றித் தருகிறோம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்.”

பேச்சில் இதில் ஒரு குறையும் இல்லை. இதை அப்படியே பெயர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

முதலில் ‘வாங்கியதிலிருந்தே’. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 69ஆம் பிரிவின்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் முறையிட வேண்டும். வாங்கிய நாளிலிருந்தே பழுது என்று அவரே எழுதினால், அந்த இரண்டு வருடம் 2025 மே மாதமே முடிந்துவிட்டது என்று எதிர்தரப்பு வாதிடும். உட்கார வைத்துக் கேட்டேன். முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. ஆகஸ்ட் மாதம்தான் கீழ்த்தட்டில் வைத்த பால் முதன்முதலாகத் திரிந்திருக்கிறது. ‘வாங்கியதிலிருந்தே’ என்று எழுத வைத்தது அவருடைய மனவேதனை. கால தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட வழியிருக்கிறது. ஆனால் தாமதமே ஆகாத வழக்குக்கு அது எதற்கு?

அடுத்தது கேஸ். பிரிட்ஜின் கேஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் சில வாரம் குளிரும், பிறகு பழைய கதைதான். 18.08.2023, 27.11.2023, 09.03.2024 ஆகிய தேதிகளில் கேஸ் ஏற்றியதற்கான மூன்று ஜாப் ஷீட்டும் அவரிடம் இருந்தன. வழக்கின் முதுகெலும்பு அந்த மூன்று தாள்கள். ‘தீர்ந்துவிட்டது’ என்பதை ஆங்கிலத்தில் அப்படியே போட்டால், பயன்படுத்தியதால் செலவான பொருளை இலவசமாக நிரப்பிக் கொடுத்ததாகப் படிக்கும். நிறுவனம் நல்ல சேவை செய்ததற்கே அது சாட்சியாகிவிடும்.

அதற்காகப் பெயர்ப்பவர் தாமாக ‘கசிந்தது’ என்று திருத்திவிடவும் கூடாது. டெக்னீசியன் எழுதாததை அவர் வாயில் திணிப்பதாகிவிடும். திருத்தம் தமிழில்தான் நடக்க வேண்டும். 28.04.2024 அன்று நான்காவது முறை வந்தவர் ‘கூலிங் காயிலில் லீக், பார்ட் வரவேண்டும்’ என்று ஜாப் ஷீட்டில் எழுதியிருந்தார். ஆகவே முதல் மூன்று முறைக்கு ‘கேஸ் குறைவு என்று எழுதி கேஸ் ஏற்றினார்’ என்றும், நான்காவது முறைக்கு மட்டும் ‘கசிவு என்று எழுதினார்’ என்றும் வைத்தோம்.

‘பழுது’ என்பதும் கவனிக்க வேண்டிய சொல். அவசரத்தில் சிலர் ‘டேமேஜ்’ என்று போட்டுவிடுகிறார்கள். அது பயன்படுத்தியவர் கையால் உடைந்தது போலத் தொனிக்கும். வாரண்டி அட்டையில் விலக்குப் பட்டியலில் வழக்கமாக இருப்பதும் அந்தச் சொல்தான். சட்டம் பொருளின் குறைக்கு ‘டிஃபெக்ட்’ என்றும், சேவையின் குறைக்கு ‘டெஃபிஷியன்ஸி’ என்றும் தனித்தனியாக விளக்கம் தருகிறது. தமிழில் இரண்டையும் ‘குறைபாடு’ என்றே எழுதுகிறோம். அதனால் ‘பொருளின் குறைபாடு’, ‘சேவைக் குறைபாடு’ என்று எப்போதும் முன்சொல் சேர்த்தே எழுதுங்கள்.

‘வந்து பார்த்தார்கள்’ என்றால் யார்? தமிழ் வினை எழுவாய் இல்லாமல் நிற்கும், ஆங்கிலம் ஓர் ஆளைக் கேட்கும். இந்த வழக்கில் விற்ற கடை 1ஆம் எதிர்தரப்பினர், தயாரிப்பு நிறுவனம் 2ஆம் எதிர்தரப்பினர், சர்வீஸ் சென்டர் 3ஆம் எதிர்தரப்பினர். வந்தது சர்வீஸ் சென்டர் ஆள். கடைக்காரர் வரவே இல்லை. தவறான ஆள்மேல் வினையை ஏற்றினால், அவர் மறுக்கும் அந்த ஒரு வரி மற்ற வரிகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும்.

மிகவும் தயங்கிய இடம் ‘மாற்றித் தருகிறோம்’. சர்வீஸ் சென்டர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் ‘மாத்தித் தரோம் மேடம்’ என்று மட்டுமே இருந்தது. பிரிட்ஜையா, காயிலையா? அம்மா பிரிட்ஜ் என்று எடுத்துக்கொண்டார். அவர்கள் காயில் என்பார்கள். செய்தி இரண்டுக்கும் இடம் தருகிறதென்றால் பெயர்ப்பும் இரண்டுக்கும் இடம் தர வேண்டும். நமக்குச் சாதகமான பொருளை அதற்குள் நுழைத்தால், தமிழ் தெரிந்த எதிர் வக்கீல் ஒருவர் மூலத்தைக் காட்டியே பெயர்ப்பு முழுவதையும் கேள்விக்குள்ளாக்குவார். செய்தியை மேற்கோளாக அப்படியே வைத்து, முறையீட்டாளர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதைத் தனிப் பத்தியில் எழுதினோம்.

திருத்திய தமிழ் இப்படி நின்றது:

“மேற்படி குளிர்சாதனப் பெட்டி 2023 ஆகஸ்ட் மாதம் முதல் குளிரவில்லை. 3ஆம் எதிர்தரப்பினரின் டெக்னீசியன் 18.08.2023, 27.11.2023, 09.03.2024 ஆகிய தேதிகளில் வந்து, கேஸ் குறைவு என்று ஜாப் ஷீட்டில் எழுதி, கேஸ் ஏற்றினார். வாரண்டி காலத்துக்குள், 28.04.2024 அன்று, கூலிங் காயிலில் கசிவு என்று எழுதினார். பார்ட் வரவில்லை. வாரண்டி முடிந்த பிறகு, 20.05.2024 அன்று, 3ஆம் எதிர்தரப்பினர் ரூ.8,500 கேட்டு, இலவசமாகச் சரிசெய்ய மறுத்தார்.”

இதை யார் பெயர்த்தாலும் ஒரே பொருள்தான் வரும்.

கோரிக்கைப் பகுதியில் ‘புதிய பிரிட்ஜும் பணமும்’ என்று இருந்ததை, ‘ரூ.31,500ஐ வட்டியுடன் திருப்பித் தரவும், அல்லது அதே வகைப் புதிய பெட்டி தரவும்’ என்று பிரித்து, மன உளைச்சலுக்கான இழப்பீட்டைத் தனியே வைத்தோம். விலையையும் புதிய பெட்டியையும் சேர்த்துக் கேட்டால் ஒரே நஷ்டத்துக்கு இரண்டு முறை கேட்டதாகும்.

பழுதான பெட்டியை இடையில் வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்க வேண்டாம். சோதனை இல்லாமல் குறையை முடிவு செய்ய முடியாது என்று ஆணையம் கருதினால், 38ஆம் பிரிவின்படி ஆய்வுக்கு அனுப்பலாம். பிரித்த பெட்டியில் அந்த ஆய்வால் பயன் குறைவு, பழியும் உங்கள்மேல் திரும்பும்.

ஆங்கிலப் பிரதி தயாரானதும் அதை வரி வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லி முறையீட்டாளரைக் கேட்க வைக்கிறேன். சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவது அவர்தான். கடைசிப் பக்கத்தில், இரு மொழியும் அறிந்தவர் செய்த சரியான பெயர்ப்பு என்ற சான்றும், பெயர்த்தவர் கையெழுத்தும், தேதியும் இருக்கும். ஜாப் ஷீட்டின் பெயர்ப்பில் படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் ‘தெளிவில்லை’ என்றே போடுகிறோம், மூலத்தின் ஜெராக்ஸை அதன் பின்னாலேயே இணைக்கிறோம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து எதிர்தரப்பு பதிலுரை தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. ஆகவே நோட்டீஸ் போய்ச் சேர்ந்த தேதிக்கான சான்றையும் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.